தமிழில் எழுதி, நானே ஆங்கிலத்தில் மாற்றினால் தப்பா?

கேள்வி: பி.காம். முதலாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ஆங்கில அசைன்மென்ட்டுக்கு ‘என் ஊரை மாற்றிய ஒரு நிகழ்வு’ என்று 400 வார்த்தை எழுதச் சொன்னார்கள். போன தடவை கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டுக் கொடுத்து மிஸ்ஸிடம் மாட்டிக்கொண்டேன். இந்தத் தடவை தமிழில் எழுதிவிட்டு நானே மாற்றுகிறேன். ‘ரெண்டும் ஒண்ணுதான்டா’ என்கிறான் நண்பன். இது தப்பா சார்? என் இங்கிலீஷும் தமிழ் மாதிரியே வருகிறது. ஆயாவும் மாமாவும் சொன்னதைக் கேட்டு எழுதிய ஒரு பத்தி இது:

“2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்து கோரத்தாண்டவம் ஆடியது. புயல் ஓய்ந்ததும் போய்ப் பார்த்தால் தோப்பில் ஒரு முந்திரி மரம்கூட நிற்கவில்லையாம். முப்பது வருஷமாய் வளர்த்ததாம். அப்புறம் கன்று நட்டு, தண்ணீர் ஊற்றி, காய்ப்புக்கு வரும்வரை காத்திருக்க முடியாமல் திருப்பூருக்கு வேலைக்குப் போய், பணம் அனுப்பிக் கடனை அடைத்தோம்.”

– வாசகர், காடாம்புலியூர், கடலூர் மாவட்டம்

பதில்:

தம்பி, தப்பில்லை. உங்கள் நண்பர் சொல்வது சரியும் இல்லை. புதுச்சேரியில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதப் பயிற்சி கொடுப்பது என் வேலை. தமிழ் மீடியத்திலிருந்து வருகிற பிள்ளைகளிடம், முதல் வருஷத்தில் தமிழிலேயே யோசித்து எழுதிக்கொண்டு வரச் சொல்கிறவன் நான். ஆங்கிலத்திலேயே தொடங்கினால், தெரிந்த வார்த்தைக்குள் அடங்குகிற விஷயத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ‘தானே புயல் வந்தது, நிறைய சேதம், மக்கள் கஷ்டப்பட்டார்கள்’ என்பதோடு கட்டுரை முடிந்துவிடும். முப்பது வருஷ முந்திரித் தோப்பும் திருப்பூரும் கடனும் அதில் வராது. உங்கள் பத்தியில் அவை வந்திருப்பதற்குக் காரணமே நீங்கள் தமிழில் எழுதியதுதான்.

கையால் மாற்றுவதற்கும் கருவியிடம் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கடைசி வாக்கியத்திலேயே இருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

“கன்று நட்டு, தண்ணீர் ஊற்றி, காத்திருக்க முடியாமல், வேலைக்குப் போய், பணம் அனுப்பி, கடனை அடைத்தோம்.” தமிழில் இது நல்ல வாக்கியம். கதை சொல்கிற ஓட்டம் இருக்கிறது. ஆறு செயல்கள் இருந்தும் முற்றுவினை ஒன்றுதான், ‘அடைத்தோம்’. மற்றதெல்லாம் வினையெச்சமாகத் தொங்கிக்கொண்டு போகிறது. யார் நட்டார், யார் ஊற்றினார், யார் திருப்பூருக்குப் போனார் என்று நீங்கள் சொல்லவேயில்லை. தமிழ் அதைக் கட்டாயமாகக் கேட்பதும் இல்லை. வீட்டுக் கதை தெரிந்தவர்களுக்கு இடம் பார்த்துப் புரிந்துவிடும்.

ஆங்கிலம் அப்படி விடாது. ஒவ்வொரு வினைக்கும் முன்னால் ஒரு ஆளை நிறுத்தச் சொல்லும். அங்கேதான் மூன்று வழி பிரிகிறது.

முதல் வழி, தமிழ் வாக்கியத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாக மாற்றுவது. ‘பிளான்டிங், வாட்டரிங், நாட் ஏபிள் டு வெயிட், கோயிங் டு திருப்பூர், சென்டிங் மணி, வீ க்ளோஸ்டு தி லோன்’ என்று வரும். உங்கள் ஆங்கிலம் தமிழ் மாதிரியே வருகிறது என்றீர்களே, அது பெரும்பாலும் இதுதான். ஒவ்வொரு ‘நட்டு’, ‘ஊற்றி’க்கும் ஒரு ‘இங்’ போட்டுவிடுகிறோம். ஆங்கில இலக்கணப்படி அந்த ‘இங்’ எல்லாம் கடைசியில் நிற்கிற ‘வீ’யோடு போய் ஒட்டிக்கொள்ளும். நாலு வயதில் நீங்களும் திருப்பூருக்கு வேலைக்குப் போனதாக அர்த்தமாகிவிடும்.

இரண்டாவது வழி, கருவி. இந்த மொழிபெயர்ப்புக் கருவிகள் ஏராளமான வாக்கிய ஜோடிகளைப் பார்த்துப் பழகியவை. நீங்கள் கொடுத்த வாக்கியத்துக்கு எந்த ஆங்கிலத் தொடர் அதிகம் பொருந்தும் என்று கணித்து எழுதுகின்றன. உங்கள் ஆயாவையோ மாமாவையோ அவற்றுக்குத் தெரியாது. ஆனால் ஆங்கிலத்துக்கு ஆள் வேண்டுமே! ‘அடைத்தோம்’ இருப்பதால் எல்லாவற்றையும் ‘வீ’ என்று போடலாம். முன்னால் ‘மாமா’ என்று எங்காவது வந்திருந்தால் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டலாம். எதைப் போட்டாலும், ‘இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம்’ என்று உங்களிடம் சொல்லாது. ‘சொன்னார்’ என்று தனியாக வருகிற இடமும் அப்படித்தான். தமிழில் ‘ஆர்’ விகுதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆயா சொன்னது ஆங்கிலத்தில் ‘ஹி செட்’ ஆகிவிடுவதை மாணவர்கள் தாளில் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு பத்தியிலேயே பாட்டி ஒரு வரியில் ‘ஷி’, அடுத்த வரியில் ‘ஹி’. உங்கள் மிஸ் எதை வைத்துக் கண்டுபிடித்தார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பழைய கருவிகள் இருந்த காலத்தில் இது இவ்வளவு ஆபத்தாக இல்லை. 2017 வரை கூகுள் டிரான்ஸ்லேட் தமிழைத் துண்டு துண்டாகப் பிரித்து மாற்றிக்கொண்டிருந்தது. வருகிற ஆங்கிலம் உடைந்துபோய் இருக்கும், பார்த்ததுமே தப்பு என்று தெரிந்துவிடும். அந்த வருஷம் அது நியூரல் முறைக்கு மாறி, வாக்கியம் முழுவதையும் சேர்த்துப் பார்த்து எழுதத் தொடங்கியது. இப்போது வருகிற ஆங்கிலம் வழவழவென்று இருக்கிறது. இலக்கணம் சரியாக இருப்பதால் விஷயமும் சரி என்று நம்பிவிடுகிறோம். மாமா செய்ததை ஆயா செய்ததாக எழுதியிருந்தாலும் வாக்கியம் அழகாகவே நிற்கும். அதைப் பிடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு வினையிலும் நிறுத்தி, தமிழோடு ஒப்பிட்டு, ‘இது யார்?’ என்று கேட்க வேண்டும். அவ்வளவு தூரம் கேட்கத் தெரிந்தவர் நேராகவே எழுதிவிடலாம்.

மூன்றாவது வழிதான் நான் உங்களுக்குச் சொல்வது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் இன்னொரு தமிழ் எழுதுங்கள். அது அழகாக இருக்க வேண்டியதில்லை. தொங்குகிற வினைகளை எல்லாம் வெட்டி, ஒவ்வொன்றையும் முற்றுவினையாக்கி, முன்னால் ஆளை எழுதுங்கள். உங்கள் கடைசி வாக்கியத்தை அப்படி வெட்டும்போது, நட்டது யார் என்ற இடத்தில் உங்கள் பேனா நின்றுவிடும். நிற்கட்டும். ஆயாவிடம் போய்க் கேளுங்கள். ஆயா நட்டார், ஆயாவே தண்ணீர் ஊற்றினார், மாமா திருப்பூருக்குப் போனார், மாமா அனுப்பிய பணத்தில் ஆயா கடனைக் கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். ‘காத்திருக்க முடியாமல்’ என்பதில்தான் பெரிய கேள்வி இருக்கிறது. யாரால் முடியவில்லை? ஏன்? முந்திரி ஒட்டுக்கன்று நட்டால் மூன்றாம் வருஷம் காய்க்கத் தொடங்கும், ஆனால் பிழைப்புக்கு ஆகிற மாதிரி மகசூல் வர இன்னும் சில வருஷம் பிடிக்கும். கடனுக்கு வட்டி அதுவரை பொறுக்காது. அந்த இடைவெளிதான் மாமாவைத் திருப்பூருக்கு அனுப்பியது என்றால், உங்கள் கட்டுரையின் மையமே அந்த வரிதான். ‘முடியாமல்’ என்ற ஒரே சொல்லுக்குள் அதை மூடிவைத்திருக்கிறீர்கள்.

நடுத்தமிழ் இப்படி இருக்கும்: ‘புயலுக்குப் பிறகு ஆயா புதுக் கன்றுகள் நட்டார். தினமும் தண்ணீர் ஊற்றினார். அந்த மரங்கள் நன்றாகக் காய்க்கச் சில வருஷம் ஆகும். கடன் அதுவரை காத்திருக்காது. அதனால் மாமா திருப்பூருக்கு வேலைக்குப் போனார். மாதாமாதம் பணம் அனுப்பினார். அந்தப் பணத்தில் ஆயா கடனைக் கட்டினார்.’ தமிழாகப் பார்த்தால் உங்கள் முதல் வாக்கியத்தைவிட இது சப்பையாகத்தான் இருக்கிறது. பரவாயில்லை, யாருக்கும் காட்டப்போவதில்லை.

இப்போது நோட்டை மூடிவிட்டு ஆங்கிலத்தில் எழுதுங்கள். மூடுவது முக்கியம். திறந்திருந்தால் கண் தமிழ் வரிசைக்கே போகும், வினை கடைசிக்கு ஓடும். விஷயம் உங்கள் மனதில் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். ‘ஆஃப்டர் தி ஸ்டார்ம், மை கிராண்ட்மதர் பிளான்டட் நியூ சாப்ளிங்ஸ் அண்ட் வாட்டர்ட் தெம் எவ்ரி டே. பட் தி ட்ரீஸ் நீடட் யர்ஸ், அண்ட் தி லோன் குட் நாட் வெயிட். ஸோ மை அங்கிள் வென்ட் டு திருப்பூர் டு வொர்க். ஹி சென்ட் மணி எவ்ரி மந்த், அண்ட் ஷி பெய்ட் தி லோன்.’ இதில் உங்களுக்குத் தெரியாத வார்த்தை ‘சாப்ளிங்’ ஒன்றுதான் இருக்கும். மற்றதெல்லாம் பள்ளிக்கூடத்து ஆங்கிலம். முதலில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிவிட்டு, அப்புறம் ‘பிகாஸ்’, ‘ஸோ’, ‘ஆஃப்டர்’ போட்டு இரண்டிரண்டாகச் சேருங்கள். எதை எதோடு சேர்க்கிறோம் என்பதில் காரணமும் விளைவும் தெரிந்துவிடும்.

எழுதி முடித்ததும் நோட்டைத் திறந்து ஒரு தடவை ஒப்பிடுங்கள். தமிழில் இருந்த ஏதாவது விஷயம் விட்டுப்போயிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள், வார்த்தைக்கு வார்த்தை பார்க்காதீர்கள். ‘ஏ’, ‘தி’ சரிபார்ப்பதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் நிறுத்தி, ‘எந்தத் தோப்பு, எந்தக் கடன் என்று படிக்கிறவருக்கு ஏற்கெனவே தெரியுமா?’ என்று கேட்டால் பாதி சரியாகிவிடும். மீதி பாதி பழகப் பழகத்தான் வரும்.

உங்கள் பத்தியில் இன்னும் இரண்டு இடங்களைச் சொல்ல வேண்டும்.

‘நிற்கவில்லையாம்’, ‘வளர்த்ததாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ஆம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன் என்பதை இரண்டு எழுத்திலேயே நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் அப்படி ஒட்டிக்கொள்ள விகுதி கிடையாது. கருவியிடம் கொடுத்தால் அது பெரும்பாலும் ‘ஆம்’ஐ விழுங்கிவிட்டு, நீங்களே பார்த்த மாதிரி எழுதிவிடும். அல்லது ‘இட் இஸ் செட்’ என்று போட்டு, யாரோ ஊர் பேர் தெரியாதவர் சொன்ன வதந்தியாக்கிவிடும். நீங்களே மாற்றினால் அந்த இடத்தில் ‘சொன்னது யார்?’ என்று யோசிக்க வேண்டியிருக்கும். ‘மை கிராண்ட்மதர் டோல்டு மீ தட் நாட் எ சிங்கிள் கேஷ்யூ ட்ரீ வாஸ் ஸ்டாண்டிங்.’ ஆயா பெயர் சொல்லாவிட்டாலும் ஆயா உள்ளே வந்துவிட்டார். தமிழில் ‘என்று சொன்னார்’ கடைசியில் வரும், ஆங்கிலத்தில் சொன்னவர் முன்னால் வந்துவிடுவார் என்பதையும் கவனியுங்கள். எல்லா வரிக்கும் ‘டோல்டு மீ’ போட வேண்டாம். பத்தித் தொடக்கத்தில் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும்.

இன்னொன்று ‘கோரத்தாண்டவம் ஆடியது’. புயல் வந்தால் செய்தித்தாளில் வருகிற வரி அது. உங்கள் கையில் தானாக வந்து விழுந்திருக்கிறது. ஆங்கிலத்தில் என்ன போடுவது என்று அகராதியைப் புரட்டாதீர்கள். அதை எடுத்துவிட்டு, என்ன நடந்தது என்று தமிழிலேயே மாற்றி எழுதுங்கள். மரம் வேரோடு சாய்ந்ததா, நடுவில் முறிந்ததா? வீட்டு ஓடு பறந்ததா? எத்தனை நாள் கரண்ட் இல்லை? பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரமே அன்று முந்திரியையும் பலாவையும் பறிகொடுத்தது. உங்கள் தோப்பில் மட்டும் நடந்தது எது என்று எழுதினால் போதும். மாற்ற வராத வரி பல சமயம் தமிழிலேயே எதையும் சொல்லாத வரியாக இருக்கும்.

கருவியைத் தொடவே கூடாதா என்றால், ஒற்றைச் சொல்லுக்குத் தொடலாம், மிஸ் அனுமதித்தால். ‘ஒட்டுக்கன்று’க்கு ஆங்கிலம் வேண்டும் என்றால் தேடுங்கள். கிடைத்ததை ஒரு ஆங்கில அகராதியில் வைத்துப் பாருங்கள், படமோ உதாரண வாக்கியமோ இருக்கும், நீங்கள் நினைத்த பொருள்தானா என்று தெரிந்துவிடும். வாக்கியத்தைக் கொடுக்காதீர்கள். வாக்கியத்தைக் கொடுக்கிற அந்த இடத்தில்தான் யார், எப்போது, எதனால் என்ற முடிவுகளையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறீர்கள்.

நான் சொல்வதற்கு ஒரு எல்லையும் உண்டு. ஜப்பானில் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து கோபயாஷி, ரின்னர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே சோதித்து 1992-இல் வெளியிட்டார்கள். ஒரு கட்டுரையை நேராக ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள், இன்னொன்றை ஜப்பானிய மொழியில் எழுதிவிட்டு மாணவர்களையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள். மொழிபெயர்த்த கட்டுரைகளில் விஷயமும் அமைப்பும் மேலாக இருந்தன. ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். நன்றாகத் தெரிந்தவர்களுக்குப் பெரிய ஆதாயம் இல்லை, பொருளைக் குழப்புகிற தப்புகள் மொழிபெயர்ப்பில் கூடியும் விட்டன. என் வகுப்பில் பார்ப்பதும் இதோடு ஒத்துப்போகிறது. அதனால் முழுத் தமிழ் வரைவு உங்களுக்கு இப்போதைக்குத்தான், காலம் முழுக்கத் தேவைப்படாது. எப்போது விடுவது என்பதற்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். தமிழ் வாக்கியத்தை எழுதும்போதே ஆங்கில வாக்கியம் மனதில் ஓடத் தொடங்கிவிட்டால், அந்தப் பத்திக்குத் தமிழில் எழுதுவதை நிறுத்திவிட்டு ஆங்கிலத்துக்குப் போய்விடுங்கள். அதற்கு மேலும் தமிழில் எழுதினால் தமிழ் நடை மேலும் மேலும் அழகாகிக்கொண்டே போகும், அந்த அழகை ஆங்கிலத்துக்குத் தூக்கிப்போக முடியாமல் திண்டாடுவீர்கள்.

உங்கள் மிஸ்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘மேம், தமிழில் எழுதிக்கொண்டு நானே மாற்றுகிறேன், நோட்டு வைத்திருக்கிறேன்’ என்று ஒரு வரி போதும். போன தடவை மாட்டியிருப்பதால் இந்தத் தடவை நன்றாக எழுதினாலும் சந்தேகம் வரலாம். முதல் தமிழ் வரைவு, நடுத்தமிழ், அடித்துத் திருத்திய ஆங்கிலம் மூன்றையும் தேதி போட்டு ஒரே நோட்டில் வைத்திருங்கள். கேட்டால் காட்டலாம். அதைவிட, ‘இந்த வரியை ஏன் இப்படி எழுதினாய்?’ என்று கேட்டால் வாயால் சொல்ல முடியும். கருவி எழுதியதை வைத்திருப்பவரால் அதைச் சொல்ல முடியாது.

செமஸ்டர் தேர்வுக்கு இவ்வளவும் செய்ய நேரம் இருக்காது. அங்கே விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் ‘ரஃப் வொர்க்’ என்று எழுதிக்கொண்டு, முழு வாக்கியம் இல்லாமல், ஆளும் செயலும் மட்டும் தமிழில் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஆயா – கன்று. கடன் – வட்டி. மாமா – திருப்பூர்’ என்ற அளவுக்குப் போதும். அதைப் பார்த்து நேராக ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, குறிப்பின் மேல் ஒரு கோடு அடித்துவிடுங்கள். இந்த அசைன்மென்ட்டில் நடுத்தமிழ் எழுதிப் பழகினால் அந்தக் குறிப்பு எழுதச் சில நிமிஷம்தான் ஆகும். உங்கள் கட்டுரையின் மற்ற பத்திகளையும் அதே மாதிரி வெட்டிப் பாருங்கள். ஆயாவிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஓரத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள், ஒரே தடவையில் உட்கார்ந்து கேட்டுவிடலாம்.